தெளிந்த தண்ணீரெல்லாம் நல்ல தண்ணீர் இல்லை

ஐப்பசி, கார்த்திகை மழை. ஊரெல்லாம் தண்ணீர்.
சாக்கடையும் குடிதண்ணீரும் கலக்கிற காலம் இது.
கண்ணுக்குத் தெளிவாக இருக்கும். கிருமி கண்ணுக்குத் தெரியாது.

கொதிக்க வையுங்கள்

தண்ணீர் சூடானால் போதாது. தளதளவென்று கொதிக்க வேண்டும்.
கொதி வந்தபின் ஒரு நிமிடம் விட்டு இறக்குங்கள்.
மூடி போட்டு ஆற விடுங்கள்.
சீக்கிரம் ஆறட்டும் என்று பச்சைத் தண்ணீரை விளாவாதீர்கள். கொதிக்க வைத்ததே வீண்.

விறகு இல்லையா? கேஸ் தீர்ந்துவிட்டதா? நர்ஸ் அக்காவிடம் குளோரின் மாத்திரை கேளுங்கள். ஒரு குடத்துக்கு எத்தனை என்று அவரே சொல்வார். போட்டு அரை மணி நேரம் கழித்துக் குடிக்கலாம்.

குழாய்த் தண்ணீரில் மருந்து வாடை வருகிறதா? பயம் வேண்டாம். கிருமி சாகத் தொட்டியில் மருந்து போட்டிருக்கிறார்கள்.

அடிபம்பு மழைத் தண்ணீரில் மூழ்கியதா? சுத்தம் செய்து, மருந்து போடும் வரை அந்தத் தண்ணீரைக் குடிக்காதீர்கள்.

குடத்துக்குள் விரல் போகிறதா?

சொம்பை விட்டு மொள்ளும்போது பாருங்கள். நாலு விரலும் தண்ணீரில் முங்கும். கையில் இருந்த அழுக்கு இப்போது குடத்தில்.
நீளக் காம்பு உள்ள கரண்டியால் மொள்ளுங்கள். குடத்தைச் சாய்த்தும் ஊற்றலாம்.
குடத்துக்கு எப்போதும் மூடி.

சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள்

கக்கூஸ் போய் வந்ததும்.
குழந்தைக்குக் கால் கழுவி விட்டதும்.
சமைக்கும் முன். சாப்பிடும் முன். ஊட்டும் முன்.

வெறும் தண்ணீரில் நனைத்தால் போதாது.
சோப்பு நுரையை உள்ளங்கை, புறங்கை, விரல் இடுக்கு, கட்டைவிரல், நகக்கண் எல்லாம் தேயுங்கள். ஒன்றிலிருந்து இருபது வரை நிதானமாக எண்ணுங்கள். அப்புறம் கழுவுங்கள்.
ஈரக்கையை முந்தானையில் துடைக்காதீர்கள். சும்மா உதறினாலே காயும்.

கைக்குழந்தை மலம்தானே, ஒன்றும் செய்யாது என்பார்கள். செய்யும். அதிலும் கிருமி உண்டு.

சோப்பைக் காக்கா தூக்கிப் போகிறதா? பழைய வலைப்பையில் போட்டுக் குழாயடியில் கட்டித் தொங்க விடுங்கள். கரையவும் கரையாது.

வயிற்றுப்போக்கு வந்துவிட்டால்

ஓ.ஆர்.எஸ். பாக்கெட் ஒன்று. கொதித்து ஆறிய தண்ணீர் ஒரு லிட்டர். முழுப் பாக்கெட்டையும் கொட்டிக் கலக்குங்கள்.
கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் பொறுத்து மறுபடி கொடுங்கள்.
மறுநாள் மீதி இருந்தால் கொட்டிவிட்டுப் புதிதாகக் கலக்குங்கள்.
தாய்ப்பாலை நிறுத்தாதீர்கள். கஞ்சியும் கொடுங்கள்.
பாக்கெட் அங்கன்வாடியிலும் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் கிடைக்கும். காசு வேண்டாம்.

கண் குழி விழுந்ததா? சிறுநீர் போகவில்லையா? மலத்தில் ரத்தமா? பிள்ளை துவண்டு கிடக்கிறதா?
விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். உடனே கூப்பிடுங்கள்: 108