'மாலா' சம்பவ முன்வைப்பு: கேள்வித்தாள்

களப்பயிற்சியில் இருப்பவர் தாம் கையாண்ட சம்பவத்தை முன்வைத்த பின் அவரிடம் கேட்கும் கேள்விகள் இவை. முன்வைப்புக்கு 20 நிமிடம், கேள்விகளுக்கு 30 நிமிடம். மாலாவுக்கு 14 வயது, 9ஆம் தரம். ஹட்டனுக்கு அருகிலுள்ள தோட்டமொன்றில் அப்பாயி, தந்தை, தம்பியுடன் லயத்தில் வசிக்கிறாள். தாய் குவைத்தில் வீட்டுப் பணிப்பெண். இரண்டு மாதமாகப் பாடசாலைக்குப் போகாத மாலாவைக் கொழும்பில் வீட்டு வேலைக்கு அனுப்பப் பேச்சு நடந்திருக்கிறது.

குடும்பத் தலையீடு

1. அறிக்கையில் தந்தையைப் 'பொறுப்பற்றவர்' என்கிறீர்கள். ஆனால் நீங்கள் சென்ற மூன்று முறையும் அவர் கவ்வாத்து மலையில் இருந்திருக்கிறார். அப்படியானால் இது யாருடைய சொல்?

2. தாய் வெள்ளிக்கிழமைகளில் வாட்ஸ்அப்பில் பேசுகிறார் என்று அப்பாயி கூறியும், குடும்பக் கூட்டத்தில் அவரை ஏன் சேர்க்கவில்லை?

3. 16 வயது வரை கல்வி கட்டாயம் என்று விளக்கியிருக்கிறீர்கள், நல்லது. தரகரிடம் முற்பணம் வாங்கிச் செலவழித்துவிட்ட வீட்டில் அந்த விளக்கம் எவ்வளவு தூரம் போகும்? பணத்தைப் பற்றிக் கேட்டீர்களா?

இரகசியம் காத்தல் (அதிக நேரம் இதற்கே)

4. முதல் நேர்காணல் லயத்துக் காம்பராவில் நடந்தது. இடைச்சுவர் கூரையைத் தொடாத வீட்டில் பேசியதை அடுத்த வீட்டார் கேட்டிருக்க மாட்டார்களா? வேறு எந்த இடம் பொருத்தம்? (பிள்ளை மடுவம் என்று சொல்பவர், அங்கு தாய்மார் வந்துபோகும் நேரத்தையும் சொல்ல வேண்டும்.)

5. பெயரை மாற்றிவிட்டீர்கள். ஆனால் உங்கள் அறிக்கையில் தோட்டப் பிரிவு, தாய் இருக்கும் நாடு, தம்பி விழுந்து கை முறிந்தது எல்லாம் அப்படியே இருக்கின்றன. அந்தப் பிரிவிலிருந்து ஒருவர் இந்த அறையில் இருந்தால் மாலாவை அடையாளம் காண எவ்வளவு நேரமாகும்?

6. தந்தை பெல்ட்டால் அடித்ததைச் சொல்லுமுன் மாலா, "யாரிடமும் சொல்ல மாட்டீர்கள்தானே?" என்று கேட்டிருக்கிறாள். நீங்கள் தலையசைத்ததாகக் குறிப்பு சொல்கிறது. சிறுவர் நன்னடத்தை அலுவலருக்கு அறிவிக்க வேண்டிய நிலையில், அந்தத் தலையசைப்பை அவளிடம் எப்படித் திருத்துவீர்கள்? உங்கள் வாயால் வரும் வார்த்தைகளிலேயே சொல்லுங்கள்.

7. தோட்ட நலன்புரி அலுவலர் கோப்பைக் கேட்டால் எதைக் காட்டுவீர்கள், எதைக் காட்டமாட்டீர்கள்?

பின்தொடர்தல்

8. 'மாலா பாடசாலைக்குத் திரும்பினாள்' என்பது அப்பாயியின் வாக்கா, வரவுப் பதிவேடா?

9. அவசரத்துக்கு 1929ஐ அழைக்கலாம் என்று அவளிடம் கூறியிருக்கிறீர்கள். வீட்டிலுள்ள ஒரே கைத்தொலைபேசி தந்தையின் சட்டைப் பையில் இருக்கும்போது அவள் எதிலிருந்து அழைப்பாள்?

10. உங்கள் களப்பயிற்சி அடுத்த மாதம் முடிகிறது. கோப்பை யாரிடம் எழுத்துமூலம் ஒப்படைக்கிறீர்கள்? புதியவரை மாலாவுக்கு நேரில் அறிமுகம் செய்வது எப்போது?