எங்கள் பட்டறைக்கு மெய்யம்மை வந்திருக்கிறார்

காரைக்குடிப் பக்கம் ஆத்தங்குடிக் கல் செய்யும் எங்கள் பட்டறையில் இரண்டு வாரமாக ஒரு புது முகம். பெயர் மெய்யம்மை. சொந்த ஊர் தேவகோட்டை. மதுரையில் கட்டடக் கலை நான்காம் ஆண்டு படிக்கிறார். படிப்பின் ஒரு பகுதியாக ஆறு மாதம் எங்களோடு பயிற்சியாளராக இருக்கப் போகிறார். இனி எங்களோடு பேசும்போது சில நேரம் அவர் குரலையும் கேட்பீர்கள், அதனால் முறையாக அறிமுகம் செய்துவிடுகிறோம்.

நேர்காணலில் எல்லோரிடமும் கேட்கும் கேள்வியைத்தான் இவரிடமும் கேட்டோம்: "ஏன் இங்க வரணும்னு தோணுச்சு?" பாரம்பரியம், கைவினை என்று ஏதாவது சொல்வார் என்று காத்திருந்தோம். அவர் சொன்னது இது: "சின்ன வயசுல லீவுக்குப் போனா ஆச்சி வீட்டு வளவைத் துடைக்கிற வேலை எனக்குத்தான். அந்தத் தரையில ஒரே ஒரு கல்லு மட்டும் திரும்பிப் பதிஞ்சிருக்கும். ஏன்னு யாருக்கும் தெரியாது. மாத்தச் சொன்னா ஆச்சி விடமாட்டாக." அதற்கு மேல் நாங்கள் அதிகம் கேட்கவில்லை. தரையைக் கவனித்து வளர்ந்த ஒருவர் போதும் என்று தோன்றியது.

முதல் வாரம் அவரை மேசையில் உட்காரவிடவில்லை. இங்கே யார் சேர்ந்தாலும், கணக்கு எழுத வந்தவராக இருந்தாலும், முதலில் ஒரு கல்லாவது கையால் போட்டுப் பார்க்க வேண்டும். கண்ணாடித் தட்டின் மேல் சட்டம், சட்டத்துக்குள் பூ அச்சு, அச்சின் ஒவ்வொரு அறைக்குள்ளும் கரண்டியால் வண்ணச் சிமெண்டுக் கலவை. ஊற்றுவது கூட எளிது. அச்சைத் தூக்குவதில்தான் எல்லாம் இருக்கிறது. கை கொஞ்சம் சாய்ந்தால் சிவப்பும் மஞ்சளும் ஒன்றோடு ஒன்று கலந்துவிடும். மெய்யம்மைக்கும் அப்படித்தான் ஆனது, மூன்று முறை. எங்கள் மூத்த கைவேலைக்காரர் கருப்பையா அண்ணன் பக்கத்தில் வந்து, "அவசரப்படாத ஆத்தா. நேரா மேல தூக்கு, மூச்சை அப்புறம் விடலாம்" என்றார். நான்காவது கல் சரியாக வந்தது. சரியாக என்றால் விற்கிற அளவுக்கு இல்லை. ஆனால் பூ பூவாகத் தெரிந்தது. அந்தக் கல்லை அவர் மேசையில்தான் வைத்திருக்கிறார், இப்போது காகிதம் பறக்காமல் இருக்க உதவுகிறது.

இந்தக் கல்லைச் சூளையில் சுடுவதில்லை. காய்ந்து, தண்ணீரில் ஊறி, வெயிலில் கிடந்து, கடைசியில் கண்ணாடியை விட்டுப் பிரிகிறது. அந்த வழவழப்பு கண்ணாடி கொடுத்தது. இதை ஏட்டில் படித்தவருக்கும் தட்டிலிருந்து பிரியும் அந்த நொடியைப் பார்த்தவருக்கும் வித்தியாசம் உண்டு. தன் வரைபடத்தில் கல்லைப் போடப்போகும் ஒருவர் அதைப் பார்த்திருக்க வேண்டும் என்பது எங்கள் எண்ணம்.

இப்போது அவர் செய்யும் வேலை இது. எங்களிடம் உள்ள பழைய அச்சுகள் பல பரணில் கிடக்கின்றன. சில பூக்களின் பெயர் பட்டறையில் வயதானவர்களுக்கு மட்டும்தான் தெரியும். ஒவ்வோர் அச்சையும் அளந்து, ஆட்டோகேடில் வரைந்து, பெயரோடும் வண்ணத்தோடும் பதிந்து வைக்கிறார். அலுப்பான வேலை, ஒளிப்பதில் பயனில்லை. எட்டு அங்குலம் என்று நாங்கள் சொல்வதை அவர் மில்லிமீட்டரில் எழுதியபோது, "நாங்க சொன்னது ஒன்னும் தப்பில்லையே" என்று பட்டறையில் ஒரு சின்ன வழக்கும் நடந்தது. இப்போது இரண்டு அளவும் எழுதுகிறார்.

இதோடு, வாடிக்கையாளர் வீடுகளுக்கு அளவெடுக்கப் போகும் எங்கள் குழுவோடும் அவர் வருவார். கானாடுகாத்தான், பள்ளத்தூர், கோட்டையூர் பக்கம் பழைய வீட்டைப் பழுதுபார்க்கிறவர்கள் யாராவது இருந்தால் ஒரு வேண்டுகோள்: உடைந்த கல்லைத் தூக்கிப் போடுவதற்கு முன் அவருக்கு ஒரு படம் அனுப்புங்கள். முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு, எந்த இடத்துக் கல் என்பதையும் சேர்த்துச் சொன்னால் நல்லது. வீட்டுக்கு வந்து பார்க்க நீங்கள் அனுமதித்தால் முன்கூட்டியே நேரம் கேட்டுக்கொண்டுதான் வருவோம். உங்கள் சம்மதம் இல்லாமல் எந்தப் படத்தையும் இந்தப் பக்கத்தில் போடமாட்டோம்.

பயிற்சிக் காலத்துக்கு உதவித்தொகை உண்டு, வேலையைப் பார்த்துக் கற்றுக்கொடுக்க எங்கள் வடிவமைப்புப் பிரிவில் ஒருவர் பொறுப்பாக இருக்கிறார். அடுத்த ஆண்டு விண்ணப்பிக்க நினைக்கும் மாணவர்கள் கேட்பீர்கள் என்பதால் இதையும் சொல்லிவைக்கிறோம்.

வாங்க மெய்யம்மை, பட்டறை உங்களுடையது.

பின்குறிப்பு: அவர் தொடங்கியிருக்கும் பதிவேட்டில் முதல் எண் எங்கள் அச்சு எதுவும் இல்லை, அவர் ஆச்சி வீட்டு வளவு. திரும்பிப் பதிந்த அந்தக் கல்லையும் அது இருக்கிறபடியே வரைந்திருக்கிறார்.