அக்கா, சீட்டு விஷயமாக

அக்கா, நேற்று மாடிப்படியில் நின்று பேசும்போது யோசித்துச் சொல்கிறேன் என்றேன் இல்லையா, யோசித்துவிட்டேன், இந்தச் சீட்டில் நான் சேரவில்லை. நோட்டில் என் பெயரை ஏற்கெனவே எழுதிவிட்டதாகச் சொன்னீர்கள், தயவு செய்து அதை அடித்துவிட்டு வேறு ஆளைப் போட்டுக்கொள்ளுங்கள். ஐந்தாம் தேதி முதல் ஏலம் வைத்திருக்கிறீர்கள், கடைசி நேரத்தில் கைவிரித்தால் இருபதாவது ஆளுக்கு நீங்கள் அலைய வேண்டும், அதனால்தான் இன்றே சொல்கிறேன். நேரில் வந்து சொல்வதுதான் முறை. ஆனால் நீங்கள் காபியைக் கையில் கொடுத்து "இருபது மாசம் கண்ணை மூடித் திறப்பதற்குள் ஓடிடும்டி" என்று ஆரம்பித்தால் நான் தலையாட்டிவிட்டுத்தான் வருவேன், அது உங்களுக்கும் தெரியும்.

முதல் காரணம் எங்கள் வீட்டு வரவு செலவு. மாதம் 5,000 என்றாலும் தள்ளு போகக் குறைவாகத்தான் வரும் என்றீர்கள், அது சரிதான். ஒரு லட்சம் சீட்டை ஒருவர் 30,000 தள்ளி எடுத்தால் உங்கள் கமிஷன் 5,000 போக மீதி 25,000-ஐ இருபது பேருக்கும் பிரித்தால் ஆளுக்கு 1,250, அந்த மாதம் 3,750 கட்டினால் போதும். ஆனால் போகப் போக எடுக்க வேண்டியவர்கள் எல்லாம் எடுத்து முடித்திருப்பார்கள், தள்ளு குறையும், கடைசி மாதங்களில் ஏறக்குறைய முழு 5,000 கட்ட வேண்டிவரும். அவருக்குச் சம்பளம் ஒரு மாதம் ஒன்றாம் தேதி வருகிறது, இன்னொரு மாதம் பத்து தாண்டிவிடுகிறது. வீட்டுக் கடன் தவணை, பாப்பாவின் வேன் காசு, அத்தையின் மாத்திரை எல்லாம் போன பிறகு ஐந்தாம் தேதிக்குக் கையில் என்ன நிற்கும் என்று எனக்கே தெரியாது. போஸ்ட் ஆபீஸ் ஆர்.டி.யில் மாதம் 2,000 போட்டு வருகிறேன், அதில் ஒரு மாதம் தவறினால் நூறு ரூபாய்க்கு ஒரு ரூபாய் அபராதத்தோடு போய்விடும். உங்கள் சீட்டில் தவறினால் நீங்கள் கையிலிருந்து போட்டு நிரப்ப வேண்டும், அப்புறம் தினமும் தண்ணீர் பிடிக்கும் இடத்தில் உங்கள் முகத்தை எப்படிப் பார்ப்பேன்? நீங்கள் கேட்காமல் இருந்தாலும் எனக்கு உறுத்தும்.

மொத்தப் பணம் அவசரமாகத் தேவைப்படுகிறவர்களுக்குச் சீட்டு நல்ல உதவிதான், வட்டிக்கு வாங்குவதற்கு இது எவ்வளவோ மேல். எனக்கு இப்போது அப்படி ஒரு தேவை இல்லை. கடைசி வரை காத்திருந்து எடுத்தால் லாபம் என்கிறீர்கள், முன்னால் எடுத்த அத்தனை பேரும் கடைசி மாதம் வரை ஒழுங்காகக் கட்டினால்தானே அந்த லாபம்?

இன்னொன்று, இதைச் சொல்வதற்கு நீங்கள் கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை. உங்கள் மேல் எனக்குத் துளியும் சந்தேகம் கிடையாது. ஆனால் மூன்றாம் மாடிக்குப் புதிதாக வந்தவர்களையும் சேர்த்திருக்கிறீர்கள். அவர்கள் ஊர் எது, வேலை எங்கே என்று நீங்களே என்னைக் கேட்டீர்கள். இரண்டாவது மாதமே சீட்டை எடுத்துக்கொண்டு வீட்டைக் காலி செய்தால் மீதிப் பதினெட்டுத் தவணையை யார் கட்டுவது? எல்லாரும் உங்கள் வாசலில்தான் வந்து நிற்பார்கள். பதிவு செய்யாத சீட்டில் நம் கையில் இருப்பது ஒரு நோட்டுதான். சீட்டு நடத்த 1982-லேயே தனிச் சட்டம் வந்துவிட்டது, பதிவாளரிடம் முன் அனுமதி வாங்கி, ஒப்பந்தம் எழுதி, ஈட்டுத் தொகை கட்டித்தான் ஆரம்பிக்க வேண்டும். 2019-ல் அதைத் திருத்தியபோது கமிஷன் வரம்பை 7 சதவீதமாக்கினார்கள், தனி ஆள் நடத்தும் சீட்டுகளின் மொத்தத் தொகை 3 லட்சத்தைத் தாண்டக் கூடாது என்றும் வைத்தார்கள். நீங்கள் பொங்கலுக்குப் பிறகு ஐந்து லட்சம் சீட்டு ஒன்றும் பிடிக்கப்போவதாகச் சொன்னதைக் கேட்டதிலிருந்து எனக்கு உங்களை நினைத்துத்தான் பயமாக இருக்கிறது. நடத்தியே தீருவேன் என்றால் ஒரு தடவை பதிவாளர் அலுவலகத்தில் விசாரித்துவிடுங்கள், நானும் கூட வருகிறேன். எடுக்கிறவர்களிடம் ஜாமீன் கையெழுத்து வாங்காமல் மட்டும் பணத்தைக் கொடுத்துவிடாதீர்கள்.

மற்றவர்கள் கேட்டால் எனக்குப் பணம் தோதுப்படவில்லை என்று சொன்னால் போதும், மூன்றாம் மாடிப் பேச்செல்லாம் நமக்குள் இருக்கட்டும். தீபாவளிப் பட்டாசுச் சீட்டில் வழக்கம்போல என் பெயர் இருக்கட்டும், அதை அடித்துவிடாதீர்கள். இந்த மாத 200-ஐ பாப்பாவிடம் கொடுத்து அனுப்புகிறேன்.