தீபாவளிக்கு முன் தொடங்கலாம்: கடலை மிட்டாய்க் கடைக்கான மாதாந்திரப் பதிவும் கணக்கும்

கோவில்பட்டி
01.09.2025

மாரியப்பன் அண்ணாச்சிக்கு வணக்கம்.

போன வாரம் கடையில் நின்று பேசியபோது, "போனைப் பிடிச்சுட்டு உக்கார நேரமில்லம்மா. போட்டா வியாபாரம் வருதான்னும் தெரியல" என்றீர்கள். அதற்குப் பதிலாகத்தான் இதை எழுதுகிறேன். இன்ஸ்டாகிராமிலும் பேஸ்புக்கிலும் கடைக்காகப் பதிவு போடும் வேலையை உங்கள் கையிலிருந்து எடுத்துவிடலாம். வியாபாரம் வருகிறதா என்பதையும் மாதா மாதம் எண்ணிப் பார்க்கலாம்.

வீட்டுக்கு வந்ததும் உங்கள் கடையை ஒரு வெளியூர்க்காரர் மாதிரி தேடிப் பார்த்தேன். கூகிளில் பழைய தொலைபேசி எண்தான் இருக்கிறது. ஞாயிறு விடுமுறை என்று காட்டுகிறது. நீங்களோ ஞாயிறன்றுதான் அதிகம் விற்கிறீர்கள். இன்ஸ்டாகிராமில் கடைசிப் பதிவு பொங்கலுக்குப் போட்டது. அதன் கீழே ஒருவர் "சென்னைக்கு அனுப்புவீங்களா?" என்று கேட்டிருக்கிறார், யாரும் பதில் சொல்லவில்லை. தீபாவளி அக்டோபர் 20. வெளியூர் ஆர்டர் பிடிக்க இன்னும் ஏழு வாரம்தான் இருக்கிறது.

நான் செய்யப்போவது இது. மாதத்தில் ஒரு நாள் காலை, பாகு காய்ச்சும் நேரத்தில் வந்து படமும் சின்னச் சின்ன வீடியோவும் எடுத்துக்கொள்வேன். சூடான பாகில் கடலை விழுவது, பலகையில் கொட்டி உருட்டுவது, மேலே கலர் தேங்காய்த்துருவல் தூவுவது, கத்தி வைத்து வெட்டுவது எல்லாம் உங்களுக்குத் தினம் பார்க்கும் வேலை. வெளியூரில் இருப்பவர்களுக்கு அதுதான் வேடிக்கை. அதிலிருந்து 12 பதிவுகள் தயாரித்து, தமிழில் வாசகம் எழுதி, மொத்தத்தையும் முதலில் உங்களுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புவேன். நீங்கள் சரி என்ற பிறகு மெட்டா பிசினஸ் சூட் என்ற வசதியில் தேதியும் நேரமும் குறித்துவிட்டால், இன்ஸ்டாகிராமிலும் பேஸ்புக்கிலும் தானாக வெளியாகும். கூகிள் பக்கத்துக்கு வாரம் ஒன்று.

ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்: அந்த மெட்டா வசதிக்குக் காசு கிடையாது. உங்கள் தம்பி மகன் உட்கார்ந்தால் அவனே செய்யலாம். நீங்கள் எனக்குத் தருவது படத்துக்கும் வாசகத்துக்கும் கணக்குக்கும், மாதம் தவறாமல் அது நடப்பதற்கும்தான்.

தானாக ஓடக்கூடாத வேலைகளும் உண்டு. விலையை எந்தப் பதிவிலும் போடமாட்டேன். கடலை விலை ஏறினால் நீங்கள் மாற்றுவீர்கள், பதிவு மாறாது. பிறகு கவுண்டரில் சண்டைதான். மழைக்காலத்தில் "இத்தனை நாள் கெடாது" என்றும் எழுதமாட்டேன். ஈரக்காற்றில் மிட்டாய் நமுத்துப்போவது என்னைவிட உங்களுக்குத் தெரியும். கோவில்பட்டி கடலை மிட்டாய்க்கு 2020இல் புவிசார் குறியீடு கிடைத்தது என்பதைச் சொல்லலாம். ஆனால் அந்த முத்திரையைப் படத்தில் வைக்க, அதைப் பயன்படுத்த உரிமை பெற்றவராக நீங்கள் பதிவு செய்திருக்க வேண்டும். செய்திருந்தால் சான்றிதழைக் காட்டுங்கள், வைத்துவிடுகிறேன்.

இன்னொன்று, நான் பட்டுத் தெரிந்துகொண்டது. 2023 டிசம்பர் 17, 18 வெள்ளம் நினைவிருக்கும். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. அன்று நான் பார்த்துவந்த ஒரு கடைக்கு, வாரத்துக்கு முன்பே குறித்து வைத்திருந்த பதிவு காலை எட்டு மணிக்குப் போய்விட்டது: "மழைக்கு இதமா ஒரு கடி!" ஊரே தண்ணீரில் நிற்கிறது. கீழே வந்த வசவை இங்கே எழுத முடியாது. தப்பு முழுக்க என்னுடையது. அன்றிலிருந்து, குறித்த பதிவு எதுவானாலும் அன்று காலை ஒருமுறை பார்த்த பிறகே போகவிடுகிறேன். வீட்டில் துக்கம், ஊரில் கலவரம், எதுவானாலும் "நிறுத்து" என்று ஒரு சொல் அனுப்புங்கள். பகல் நேரமானால் அரை மணிக்குள் எல்லாம் நின்றுவிடும்.

இனி கணக்கு. லைக் எண்ணிக்கையை நான் பெரிதாகச் சொல்லமாட்டேன். லைக்கைக் கொண்டுபோய் வெல்ல மண்டியில் கொடுக்க முடியாது. கூகிள் பக்கத்திலிருந்து எத்தனை பேர் அழைத்தார்கள், எத்தனை பேர் கடைக்கு வழி கேட்டார்கள், இன்ஸ்டாகிராமில் பதிவு எத்தனை பேரைச் சென்றடைந்தது, எத்தனை பேர் செய்தி அனுப்பினார்கள் என்பவற்றைப் பார்ப்பேன். மெட்டா எண்கள் ஒரு கூகிள் ஷீட்டில் தானாகச் சேரும். கூகிள் எண்களை நான் கையால் ஏற்றுவேன். திங்கள்தோறும் காலையில் இப்படி ஒரு செய்தி வரும் (எண்கள் சும்மா மாதிரிக்கு):

"இந்த வாரம் அழைப்பு 14, போன வாரம் 9. வழி கேட்டவர்கள் 31. பாகு வீடியோதான் அதிகம் பேர் பார்த்தது. பதில் சொல்லாத செய்தி 2, இன்றைக்கே சொல்லிவிடுங்கள்."

மாதம் 3ஆம் தேதி ஒரு பக்க அறிக்கை, தமிழில். எது எடுபட்டது, எது எடுபடவில்லை, அடுத்த மாதம் எதைக் கைவிடப்போகிறோம் என்று இருக்கும். ஆனால் யார் எதைப் பார்த்துவிட்டுக் கடைக்குள் வந்தார் என்று எந்தக் கணினியும் சொல்லாது. அதற்குக் கல்லாவில் ஒரு நோட்டு வையுங்கள். புது முகமாக இருந்தால் "எப்படித் தெரிஞ்சு வந்தீங்க?" என்று கேட்டு ஒரு கோடு போட்டால் போதும். அந்தக் கோடுகளையும் அறிக்கையில் சேர்ப்பேன்.

வாட்ஸ்அப்பில் ஆயிரம் பேருக்கு மொத்தமாக அனுப்பும் மென்பொருள் ஒன்றை யாரோ சொன்னார்கள் என்றீர்களே, அது வேண்டாம் அண்ணாச்சி. எண்ணை முடக்கிவிடுவார்கள். உங்கள் ஆர்டர் எல்லாம் அந்த ஒரு எண்ணில்தான் வருகிறது. வாட்ஸ்அப் பிசினஸில் உள்ள பிராட்காஸ்ட் பட்டியலே போதும்: ஒரு பட்டியலில் 256 பேர், அதுவும் உங்கள் எண்ணைச் சேமித்து வைத்தவர்களுக்கு மட்டும் போகும். பழைய வாடிக்கையாளர்களுக்கு மாதம் இரண்டு செய்தி நான் எழுதித் தருகிறேன், அனுப்புவது நீங்கள்.

கட்டணம் மாதம் 4,500 ரூபாய். பழைய எண், விடுமுறை நாள் எல்லாம் திருத்தி, கணக்குகளை இணைத்து, ஷீட் அமைத்துத் தர முதல் மாதம் மட்டும் கூடுதலாக 3,000. என் வருமானம் ஜிஎஸ்டி வரம்பைத் தொடாததால் அதன் மேல் வரி கிடையாது. விளம்பரத்துக்குக் காசு போட்டு ஓட்ட நினைத்தால் அந்தப் பணம் உங்கள் கார்டிலிருந்து நேராகப் போகட்டும், என் கை வழியாக வேண்டாம். செய்திகளுக்குப் பதில் சொல்வதும் கூரியர் விலை பேசுவதும் இந்தக் கட்டணத்தில் சேராது. அதைக் கடை ஆள்தான் செய்ய வேண்டும், வேறு யார் சொன்னாலும் பேரம் படியாது.

பாஸ்வேர்டு எதுவும் எனக்கு வேண்டாம். உரிமையாளர் நீங்களாகவே இருங்கள். கூகிளிலும் மெட்டாவிலும் என்னை மேலாளராகச் சேர்த்தால் போதும், வேண்டாம் என்று தோன்றிய அன்று நீக்கிவிடலாம். எடுத்த படங்களும் ஷீட்டும் உங்களுடையவை.

செப்டம்பர் 15 முதல் நவம்பர் 14 வரை இரண்டு மாதம் பார்ப்போம். அதன் பிறகு தொடர்ந்தால், நிறுத்த நினைக்கும்போது 15 நாள் முன்னதாகச் சொன்னால் போதும். விற்பனை இத்தனை கூடும் என்று நான் எண் சொல்லமாட்டேன். தீபாவளி மாதத்தில் எப்படியும் கூடும், அதை என் கணக்கில் எழுதிக்கொள்வதும் நியாயமில்லை. அதனால் போன வருடத் தீபாவளிக்கு வெளியூர் பார்சல் எத்தனை போனது என்று கூரியர் ரசீதுகளை மட்டும் எடுத்து வையுங்கள். அதோடு ஒப்பிட்டுப் பார்த்து நீங்களே முடிவு செய்யலாம்.

வியாழக்கிழமை மதியம் மூன்று மணிக்கு, கூட்டம் குறைந்திருக்கும்போது வருகிறேன். கூகிள் கணக்கு எந்தப் போனில் இருக்கிறது என்று தம்பியிடம் கேட்டு வைத்தால் அன்றைக்கே ஞாயிறு விடுமுறையை எடுத்துவிடலாம். திட்டத்துக்குச் சம்மதம் இல்லாவிட்டாலும் அதை மட்டும் செய்துகொடுத்துவிட்டுப் போகிறேன்.

இப்படிக்கு,
ராஜலட்சுமி
எட்டயபுரம் சாலை, கோவில்பட்டி