பெருங்காயத்துல மாவு கலந்திருக்கா டீச்சர்?

பொன்னுத்தாய் டீச்சர் எங்களுக்கு பிளஸ் டூ கெமிஸ்ட்ரி எடுத்தாங்க. 2022 மே மாசம் ரிட்டயர்டு ஆனாங்க. தென்காசி மாவட்டத்துல புளியங்குடின்னா எலுமிச்சைன்னு எல்லாருக்கும் தெரியும், மார்க்கெட்டுல மூட்டை மூட்டையா ஏலம் போயி லாரி லாரியா கேரளாவுக்குப் போகும், கோடையில விலை எகிறும், அதே பழம் மழைக்காலத்துல பறிக்கிற கூலிக்குக்கூட கட்டாம மரத்தடியிலயே உதிர்ந்து கிடக்கும். டீச்சர் வீட்டுக்காரர் இருந்தப்போ வச்ச எலுமிச்சைத் தோப்பு கொஞ்சம் இருக்கு. அந்த வருஷம் விலை விழுந்தப்போ சும்மா விட மனசில்லாம பழத்தை வெட்டி ஊறுகாய்க்கு உப்புல போட்டாங்க. அவ்வளவுதான் ஆரம்பம், யாவாரம்னு ஒரு நினைப்பே கிடையாது.

வீடியோ எடுத்துப் போட்டது பேத்தி. லீவுக்கு வந்த புள்ள, ஆச்சி ஜாடியைக் குலுக்குறதையும் வாயில வெள்ளத்துணி வேடு கட்டுறதையும் எடுத்து யூடியூப்ல ஒரு ஷார்ட்ஸா போட்டுட்டு ஊருக்குப் போயிருச்சு. டீச்சர் என் கடைக்கு வந்தாங்க, நான் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஜெராக்ஸ், ஆன்லைன் அப்ளிகேஷன் கடை வச்சிருக்கேன். "ஏல முத்து, கீழ என்னமோ எழுதியிருக்காங்களாம், எப்படிப் படிக்கணும் காட்டு"ன்னாங்க. காட்டுனேன். கண்ணாடியை மாட்டிக்கிட்டு ஒண்ணுவிடாம படிச்சாங்க, பையில இருந்து ஒரு கோடு போட்ட நோட்டை எடுத்து எழுத ஆரம்பிச்சுட்டாங்க.

எனக்கு அது விளங்கல. சூப்பர், செம, நாக்குல எச்சி ஊறுது, இதையெல்லாம் எதுக்கு எழுதணும்? ஆனா அவங்க அதையெல்லாம் எழுதல. கேள்வியா இருந்தது, குறையா இருந்தது, ரெண்டு மட்டுந்தான் நோட்டுல ஏறுச்சு. "பாராட்டுனவங்களுக்கு நன்றி சொல்லிரு. கேட்டவங்களுக்கு நான்தான் பதில் சொல்லணும்."

நிறைய பேரு கேட்டது ஒண்ணே ஒண்ணு, விலைக்குக் குடுப்பீங்களா. சென்னையில ஹாஸ்டல்ல இருக்குற ஒரு பையன், அரைக்கிலோ வாங்கி வைக்க இடமில்ல ஆன்ட்டி, சின்ன பாட்டிலா கிடைக்குமான்னு கேட்டிருந்தான். அதனால முதல் பாட்டிலே 100 கிராம்தான் போட்டாங்க. அப்புறம் ஒருத்தர், பேரு படம் எதுவும் இல்லாம, "லைசென்ஸ் இருக்கா? எஃப்எஸ்எஸ்ஏஐ நம்பர் எங்க?"ன்னு வெடுக்குன்னு கேட்டாரு. எனக்குக் கோவம் வந்துச்சு. டீச்சருக்கு வரல. "சரியாத்தான கேக்காரு, வாய்க்குள்ள போற பொருளு"ன்னாங்க. வருஷத்துக்கு 12 லட்சத்துக்குள்ள விக்கிற சின்ன ஆளுங்களுக்கு அப்போ ரிஜிஸ்ட்ரேஷனே போதுமா இருந்துச்சு, வருஷத்துக்கு 100 ரூவா கட்டணம், நானே என் கடையில உக்காந்து அப்ளை பண்ணிக் குடுத்தேன். 14 இலக்க நம்பர் வந்துச்சு. லேபிள்ல அதைப் போட்டு, பச்சைப் புள்ளி போட்டு, தயாரிச்ச தேதி, பேட்ச் நம்பர், எடை, என்னென்ன சேர்த்தது எல்லாம் போட்டு பிரிண்ட் எடுத்தோம். அந்தப் பேரில்லாத ஆளுக்கே முதல்ல போட்டோ அனுப்பச் சொன்னாங்க. அவரு ரெண்டு பாட்டில் ஆர்டர் போட்டாரு.

எல்லாத்துக்கும் ஆமா ஆமான்னு தலையாட்டுனாங்கன்னு நினைக்காதீங்க. பிரஷர் இருக்குற ஒரு பெரியவர், உப்பைப் பாதியா குறைச்சுப் போடுங்கம்மான்னு எழுதியிருந்தாரு. நான் சரின்னு சொல்லிரலாம் டீச்சர்னேன். "உப்பைக் குறைச்சா தண்ணி விட்டு பூஞ்சை பிடிக்கும்ல, கண்ணுக்குத் தெரியாமக்கூட கெட்டுப்போகும். அதை எப்படி அவருக்குக் குடுப்பேன்?"னு சொல்லிட்டு, அவங்களே பதில் டைப் பண்ணுனாங்க, ஒவ்வொரு எழுத்தா தேடித்தேடி. ஐயா, உப்பைக் குறைக்க முடியாது, உங்களுக்கு இது வேண்டாம், டாக்டர்கிட்ட கேக்காம யாரு ஊறுகாயும் வாங்காதீங்கன்னு. ஒரு யாவாரம் போச்சு. அந்தப் பெரியவர் அப்புறம் தன் மக வீட்டு அட்ரஸைக் குடுத்து அங்க அனுப்பச் சொன்னாரு.

கசப்புன்னு ஒரு குறை வந்தப்போ டீச்சர் ரெண்டு நாளா சரியா பேசல. மதுரையில இருந்து ஒரு அம்மா, முதல் பாட்டில் அருமை, ரெண்டாவது கசக்குதுன்னு எழுதியிருந்தாங்க. பேட்ச் நம்பர் கேட்டு வாங்கி நோட்டைப் புரட்டுனா, அது அவசரத்துக்குத் தோல் சரியா ஊறுறதுக்குள்ள எடுத்துப் போட்ட பேட்ச், போதாக்குறைக்கு வெட்டும்போது விதையையும் சரியா எடுக்கல. விதையில லிமோனின்னு ஒரு கசப்புச் சரக்கு இருக்குன்னு எனக்கு அன்னைக்குப் பாடமே எடுத்தாங்க. அதுல இருந்து விதை ஒண்ணுகூட உள்ள போகக்கூடாது, தோல் நகத்தால கிள்ளுனா நசுங்கணும், அதுக்கு முன்னாடி எவ்வளவு ஆர்டர் வந்தாலும் ஜாடியைத் திறக்கக்கூடாது. மதுரை அம்மாவுக்குப் புது பாட்டில் போச்சு, கூரியர் காசும் டீச்சர்தான்.

பென்ஷன் வாங்குற ஆளுக்கு எதுக்கு யாவாரம், இல்லாதவங்க பொழப்பைக் கெடுக்கவான்னும் ஒருத்தர் எழுதுனாரு. அதை நான் அழிச்சுரலாம்னு பாத்தேன். வேண்டாம்னுட்டாங்க. அதையும் நோட்டுல எழுதி வச்சுக்கிட்டு ரொம்ப நேரம் பாத்துக்கிட்டே இருந்தாங்க. அடுத்த வாரம் எதுத்த தெரு செல்வி அக்காவை வேலைக்கு வரச் சொன்னாங்க, அந்தக்கா பீடி சுத்துறவங்க, எங்க பக்கம் பாதி வீட்டுல அதுதான் வருமானம், குனிஞ்சு குனிஞ்சு முதுகும் நெஞ்சும் போயிரும். ஒரு கண்டிஷன், புகையிலைத் தூசி கையோட பழத்தைத் தொடக்கூடாது, அதனால ஊறுகாய் வேலைக்கு வர்ற வாரம் பீடி சுத்தக்கூடாது, அந்தக் கூலியையும் சேர்த்து டீச்சரே குடுப்பாங்க. பிறகு செல்வி அக்காவோட நாத்தனாரும் வந்தாங்க.

இனி அந்தக் கமெண்டுக்கு வர்றேன். ஓசூர்ல இருந்து ஒரு அம்மா. ஒரே வரி. "பெருங்காயத்துல மாவு கலந்திருக்கா டீச்சர்?" அதுக்குக் கீழ நாலு பேரு சிரிக்கிற பொம்மை போட்டிருந்தாங்க, ஊறுகாய்ல எதுக்குங்க மாவுன்னு ஒருத்தர் கிண்டல். டீச்சர் சிரிக்கல. எந்திரிச்சு அடுப்படிக்குப் போயி பெருங்காய டப்பாவை எடுத்துட்டு வந்து என்கிட்ட குடுத்து, "பொடி எழுத்தா இருக்கு, படி"ன்னாங்க. படிச்சேன். கோதுமை மாவு, கோந்து, அப்புறந்தான் பெருங்காயம். நம்ம வாங்குற பெருங்காயம் பெரும்பாலும் அப்படித்தான் வருது, பிசின் அவ்வளவு காட்டம், தனியா தாங்காது, மாவு சேர்த்துத்தான் கட்டியாவும் தூளாவும் ஆக்குறாங்க. வருஷக்கணக்கா சாப்பிடுறோம், யாரு அதைத் திருப்பிப் பாத்தோம்.

டீச்சர் அந்தம்மாகிட்ட நம்பர் வாங்கிப் பேசுனாங்க. பையனுக்கு எட்டு வயசு. சீலியாக்னு ஒரு வியாதி, கோதுமையில இருக்குற குளூட்டன் கொஞ்சம் உள்ள போனாலே குடல் உள்பக்கம் புண்ணாகுமாம், மாத்திரை கிடையாது, ஆயுசுக்கும் ஒதுக்குறதுதான் வைத்தியம். ஸ்கூல்ல மத்த புள்ளைங்க தயிர் சாதத்துக்கு ஊறுகாய் தொட்டுக்கிட்டு சாப்பிடும்போது இவன் மட்டும் வெறும் தயிர் சாதம். கடையில எந்த ஊறுகாயை எடுத்தாலும் பெருங்காயம்னு மட்டும் போட்டிருக்கு டீச்சர், உள்ள என்னன்னு போடலன்னு சொல்லி அந்தம்மா அழுதுட்டாங்க. போனை வச்சதும் டீச்சர், "நம்ம லேபிள்லயும் பெருங்காயம்னுதான போட்டிருக்கு"ன்னாங்க. அன்னைக்கு ராத்திரியே புது லேபிள். பெருங்காயம் (கோதுமை மாவு கலந்தது).

அந்தப் பையனுக்குத் தனியா ஒரு சின்ன ஜாடி போட முடிவாச்சு. பெருங்காயம் வேண்டாம், வறுத்த வெந்தயத்தைக் கொஞ்சம் கூட்டிக்கலாம், அது லேசுன்னு நான் நினைச்சேன். டீச்சர் யோசனை அதோட நிக்கல. மிளகாய்த்தூள் எங்க அரைக்கிறோம்? மில்லுல. அதே மில்லுல கோதுமையும் அரைக்காங்க, கூரையெல்லாம் மாவுத்தூசி. அதனால வத்தலை வாங்கி வெயில்ல காயவச்சு வீட்டு மிக்ஸியில அரைச்சாங்க, அதுவும் புது ஜார்ல. கடுகு வெந்தயம் வறுக்கப் புதுச் சட்டி, ஏன்னா பழைய சட்டியிலதான் ரவை வறுப்பாங்களாம். புதுக் கரண்டி, புது வேட்டுத்துணி. செலவைக் கணக்குப் பாத்தா அந்த ஒரு ஜாடியில கைக்காசுதான் போச்சு, டீச்சர் அதை எங்கிட்ட சொல்லக்கூட இல்ல, பில்லு என் கடையில பிரிண்ட் எடுத்ததால தெரியும்.

நான் லேபிள்ல குளூட்டன் இல்லாததுன்னு பெருசா போடலாம் டீச்சர், நல்லா ஓடும்னேன். அன்னைக்குத்தான் பள்ளிக்கூடத்துல பாத்த பழைய டீச்சரைப் பாத்தேன். "டெஸ்ட் பண்ணுனியால? கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல போகக்கூடாதுன்னு விதி இருக்கு. அளந்து பாக்காம எழுதுனா அது பொய்யி. ஒரு புள்ள வயித்துல போற பொய்யி." அதனால லேபிள்ல ஒண்ணும் எழுதல. ஒரு முழுப் பக்கத்துக்குக் கையால கடுதாசி எழுதுனாங்க, என்னென்ன போட்டேன், எங்க அரைச்சேன், எந்தப் பாத்திரம் புதுசு, இந்த வீட்டுல கோதுமையும் சமைக்கிறோம், லேப்ல குடுத்துப் பாக்கல, டாக்டர்கிட்ட இதைக் காட்டுங்க, அவரு சரின்னா மட்டும் குடுங்கன்னு.

பதில் வர நாளாச்சு. டீச்சர் தினமும் கடைப்பக்கம் வந்து போனைப் பாத்துட்டுப் போவாங்க, ஒண்ணும் கேக்க மாட்டாங்க. அப்புறம் ஒரு சாயங்காலம் வாய்ஸ் மெசேஜ் வந்துச்சு, பையன் குரல். "ஆச்சி, டாக்டர் ஓகே சொல்லிட்டாரு. ரொம்ப உறைக்குது. இன்னும் வேணும்." டீச்சர் அதைத் திரும்பத் திரும்பப் போடச் சொல்லிக் கேட்டாங்க. கடையில ஜெராக்ஸுக்கு நின்னவங்கெல்லாம் சேர்ந்து கேட்டாங்க.

புது லேபிளைப் பாத்துட்டு, ஊறுகாயில கோதுமையா, கலப்படம்னு சண்டைக்கு வந்தவங்களும் உண்டு. கொஞ்சம் ஆர்டர் குறையத்தான் செஞ்சுச்சு. நான் பழையபடி பெருங்காயம்னு மட்டும் போட்டுக்குவோமான்னு கேட்டேன், அதுக்கு அவங்க பதிலே சொல்லல, கலப்படம்னு எழுதுனவருக்கு டப்பாவோட போட்டோவை அனுப்பி, உங்க வீட்டு டப்பாவையும் திருப்பிப் பாருங்க ஐயான்னு மரியாதையா எழுதுனாங்க.

இப்போ ரெண்டு விதமா போடுறாங்க. பெருங்காயம் இல்லாதது உறைப்புக் குறைச்சு, ஏன்னா ரொம்ப உறைக்குதுன்னதும் குறைதான், நோட்டுல ஏறிருச்சு. அது திங்கக்கிழமை மட்டும், வீட்டைக் கழுவித் தள்ளிட்டு முதல் வேலையா. அன்னைக்கு டீச்சர் வீட்டுல சப்பாத்தி கிடையாது, உப்புமா கிடையாது, பெருங்காய டப்பா திண்ணையிலதான் இருக்கணும், செல்வி அக்கா காலையில வீட்டுல பூரி சாப்பிட்டு வந்தா கையைச் சோப்புப் போட்டு ரெண்டு தடவை கழுவிட்டுத்தான் உள்ள வரணும்.