ஒரே ஒரு கேள்வி: முதலில் முதுமாணியா, அரச வேலையா?

வணக்கம் சேர்,

நீங்கள் என்னை அறிய மாட்டீர்கள். போன சிறுபோகத்துக்கு முன் கமநல சேவை நிலையத்தில் நடந்த விவசாயிகள் கூட்டத்தில் பன்றி நெல் பற்றிப் பேசினீர்கள். பின்வரிசையில் இருந்து குறிப்பெடுத்தவர்களில் நானும் ஒருத்தி. "நான் வேலையில் சேர்ந்த பிறகுதான் முதுமாணி படித்தேன்" என்று நீங்கள் இடையில் சொன்னது பேச்சுக்குச் சம்பந்தமில்லாத ஒரு வரி. எனக்கு அதுதான் மனதில் நிற்கிறது.

வந்தாறுமூலையில், கிழக்குப் பல்கலைக்கழகத்தில் விவசாயம் படித்தேன். இரண்டு வருடமாக அம்பாறைப் பக்கம் விதைநெல் செய்கிற ஒரு தனியார் நிறுவனத்தில் வெளிக்கள உத்தியோகத்தர். கலவன் பிடுங்குவதை மேற்பார்க்கிறேன், விதை அத்தாட்சிக்கு வயல் பார்க்க வருபவர்களோடு வட்டை வட்டையாக நடக்கிறேன். வேலை பிடிக்கும். ஆனால் வேறு யாரோ உருவாக்கிய இனத்தைச் சுத்தமாகப் பெருக்கிக் கொடுப்பதோடு அது முடிந்துவிடுகிறது. எனக்கு இனவிருத்தியில்தான் ஆசை.

ஆசை வந்த இடம் அப்பாவின் வயல். வாவியோரம் என்பதால் மழை பிந்தினால் உவர் ஏறும். அரை ஏக்கரில் உவர் தாங்கும் ஏ.டி. 354 நெல் போட்டுப் பார்த்தேன், பக்கத்தில் வழக்கமான பி.ஜி. 94-1. 94-1 நுனி கருகியது, 354 ஓரளவு நின்றது. ஒரு போகத்தை வைத்து எதுவும் சொல்ல முடியாது என்று தெரியும். அப்பாவோ அடுத்த போகமும் 94-1தான் என்கிறார்! அவரை மாற்றுகிற நெல் ஒன்று வேண்டும்.

சரி, கேள்வி இதுதான். பேராதனையில் பயிர் இனவிருத்தியில் முதுமாணிக்கு இப்போதே போகலாம், ஆனால் வேலையை விட்டு, கடன் எடுத்துத்தான் போக வேண்டும். இல்லாவிட்டால் விவசாயப் போதனாசிரியர் போட்டிப் பரீட்சை எழுதி, உள்ளே போன பிறகு படிக்கலாம். எனது பயம், போதனாசிரியராகப் போனால் ஆராய்ச்சிப் பக்கம் திரும்பவே முடியாமல் போய்விடுமோ என்பது. விவசாயத் திணைக்களத்துக்குள் இருந்து பார்த்தவர் நீங்கள். அந்தப் பயம் சரியா? இன்று எனது இடத்தில் இருந்தால் நீங்கள் எதை முதலில் செய்வீர்கள்?

"முதலில் படி" அல்லது "முதலில் வேலை" என்று ஒரு வரி எழுதினாலே எனக்குப் போதும். பேச வசதி என்றால் பத்து நிமிடத்துக்கு மேல் எடுக்க மாட்டேன், நீங்கள் சொல்லும் நேரத்தில் நானே அழைப்பேன். வேலை எடுத்துத் தரவோ சிபாரிசுக் கடிதத்துக்கோ இதை எழுதவில்லை.

முதுமாணி விண்ணப்பத்தை இந்த மாத முடிவுக்குள் அனுப்புவதா இல்லையா என்று நான் தீர்மானிக்க வேண்டும். பெரும்போக வேலை உங்களுக்கும் தலைக்கு மேல் இருக்கும், அதனால் பிந்தினாலும் குறையில்லை.

நன்றி சேர்.

கிருஷாந்தி
செங்கலடி