பொதுக்குழுக் கூட்ட அறிவிப்பு

குடியிருப்போர் நலச் சங்கம்
4-வது குறுக்குத் தெரு, சத்துவாச்சாரி, வேலூர்
நாள்: 12.9.2026

நம் தெருவில் குடியிருக்கும் அனைவருக்கும் வணக்கம்.

சங்கத்தின் பொதுக்குழுக் கூட்டம் 27.9.2026 ஞாயிற்றுக்கிழமை காலை 11 மணிக்கு, தெருக்கோடியில் உள்ள மாநகராட்சி நடுநிலைப் பள்ளியில் நடைபெறும். சர்ச்சுக்குப் போய் வருபவர்களுக்கும், ஆஸ்பத்திரியில் நைட் டியூட்டி முடித்து வருபவர்களுக்கும் தோதாக இருக்கட்டும் என்றுதான் 11 மணி வைத்திருக்கிறோம். ஒரு மணிக்குள் முடித்துவிடுவோம்.

முதலில் பேச வேண்டியது மழைநீர்க் கால்வாய். மலையிலிருந்து இறங்குகிற தண்ணீர் நம் தெரு வழியாகத்தான் பாலாற்றுப் பக்கம் போயாக வேண்டும். போன கோடையில் பைப் புதைக்கத் தோண்டிய மண்ணைக் கால்வாய்க்குள்ளேயே தள்ளி மூடிவிட்டுப் போனார்கள். 22-ஆம் நம்பர் வீட்டுக்கு எதிரே முழங்கை நுழையும் அளவுக்குக்கூட இடைவெளி இல்லை. ஆகஸ்டில் பெய்த ஒரு மணி நேர மழைக்கே கீழ்ப்பக்கம் இருக்கும் நான்கு வீடுகளின் வாசற்படி வரை தண்ணீர் ஏறியது. அதில் ஒரு வீட்டில் படுத்த படுக்கையாக ஒரு பாட்டி இருக்கிறார். 2021 நவம்பரில் பாலாறு கரைபுரண்டு ஓடியதை எல்லோரும் பார்த்தோம். வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கிவிடும். அதற்கு முன்பே தூர்வாரியாக வேண்டும்.

இதற்கான மனு தயாராக இருக்கிறது. கூட்டத்தில் அதை வாசித்து, திருத்தம் இருந்தால் செய்து, அங்கேயே கையெழுத்து வாங்குவோம். மறுநாள் திங்கட்கிழமை. கலெக்டர் ஆபீசில் நடக்கும் மக்கள் குறைதீர்வு நாள் கூட்டத்தில் மனுவைக் கொடுத்துவிட்டு, ஒரு நகலை மாநகராட்சி மண்டல அலுவலகத்திலும் கொடுக்கலாம் என்பது நிர்வாகக் குழுவின் யோசனை. கலெக்டர் ஆபீஸ் நம் சத்துவாச்சாரியிலேயே இருக்கிறது, பத்துப் பேராவது சேர்ந்து போனால் நல்லது. யார் யார் வர முடியும் என்பதைக் கூட்டத்தில் சொல்லுங்கள். ஒப்புகைச் சீட்டு வாங்காமல் திரும்பக் கூடாது.

கால்வாயில் குப்பை போடுவதையும் பேசித்தான் ஆக வேண்டும். தூர்வாரிய பிறகு பிளாஸ்டிக் கவரையும் தேங்காய் மட்டையையும் அதிலேயே போட்டால் ஒரே மழையில் மறுபடி அடைத்துக்கொள்ளும். மாடியிலிருந்து இறங்கும் மழைநீர்ச் சேகரிப்புக் குழாயும் தொட்டியும் அடைபட்டிருந்தால், அவரவர் வீட்டில் இப்போதே சுத்தம் செய்துவிடுங்கள்.

பிறகு, சென்ற ஆண்டின் வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் வாசித்து ஒப்புதல் கேட்பார். மாதச் சந்தாவை 100 ரூபாயிலிருந்து 150 ஆக உயர்த்துவது குறித்து முடிவெடுக்கப்படும். தெருவிளக்கு, நாய்த்தொல்லை போன்றவற்றை நேரம் இருந்தால் எடுத்துக்கொள்வோம்.

சந்தா, கணக்கு பற்றிய வாக்கெடுப்பில் உறுப்பினர் வீட்டுக்கு ஒரு வாக்கு. மனுவில் கையெழுத்திட உறுப்பினராக இருக்க வேண்டியதில்லை. வாடகைக்கு இருப்பவர்களும் கட்டாயம் வாருங்கள், வெள்ளம் வந்தால் முதலில் நனைவது தரைத்தளத்தில் இருக்கும் உங்கள் சாமான்கள்தான். பெண்கள் வந்து பேச வேண்டும் என்று தனியாகவே கேட்டுக்கொள்கிறோம். தண்ணீர் எந்த நேரத்தில், எந்த வழியாக ஏறுகிறது என்பது அவர்களுக்குத்தான் சரியாகத் தெரியும்.

ஆகஸ்டு மழையில் எடுத்த போட்டோ யாரிடமாவது இருந்தால் பிரிண்ட் போட்டுக் கொண்டு வாருங்கள், மனுவோடு இணைக்க வேண்டும். வர முடியாதவர்கள் 26-ஆம் தேதி இரவுக்குள் 9-ஆம் நம்பர் வீட்டில் கையெழுத்திடலாம்.

இப்படிக்கு,
செயலாளர்
(நிர்வாகக் குழுவுக்காக)